ஒரே கணக்கில் நற்பெயர் ஒரு முறையில் பூஜ்யம், இன்னொரு முறையில் 60,000. எது சரி?

பிப்ரவரி 3, இரவு 9.12 | பிளஸ்டூ_தமிழ்வழி

ஒரு கடையின் நற்பெயருக்கு மதிப்புப் போடச் சொல்லி மாதிரித் தேர்வில் வந்த கணக்கு. மூன்று நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கூட்டாளிகள். மூலதனம் 2,00,000, 1,50,000. பொதுக்காப்பு 50,000. கடனீந்தோர் 60,000. சொத்துப் பக்கம் நிலைச் சொத்துகள் 2,40,000, சரக்கிருப்பு 80,000, கடனாளிகள் 70,000, ரொக்கம் 10,000, அரசுப் பத்திரங்களில் முதலீடு 40,000, நற்பெயர் 20,000. இரண்டு பக்கமும் கூட்டினால் 4,60,000.

மூன்று வருட லாபம் 62,000, 70,000, 78,000. இதில் ஒவ்வொரு வருடமும் முதலீட்டு வட்டி 4,000 சேர்ந்திருக்கிறது. கூட்டாளிகளின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வருடத்துக்கு 18,000. சாதாரண லாப விகிதம் 12%.

சராசரி 70,000. அதில் 4,000, 18,000 இரண்டையும் கழித்து 48,000 எடுத்தேன்.

உயர் லாப முறையில் மூலதனம் 4,00,000 (2,00,000 + 1,50,000 + 50,000). அதற்கு 12% என்றால் 48,000. உயர் லாபம் பூஜ்யம், அதனால் நற்பெயரும் பூஜ்யம்.

சராசரி லாபத்தை மூலதனமாக்கினால் 48,000-ஐ 12 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க 4,00,000. பயன்படுத்தப்பட்ட மூலதனத்தைச் சொத்துப் பக்கத்திலிருந்து எடுத்தேன். வணிகச் சொத்துகள் 4,00,000, கடனீந்தோர் போக 3,40,000. நற்பெயர் 60,000.

இரண்டிலும் கூட்டல் கழித்தலைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

பிப்ரவரி 3, இரவு 9.50 | பிகாம்_98

தப்பே இல்லை தம்பி. முறை வேறு என்றால் விடையும் வேறாகத்தான் வரும். நற்பெயர் என்பதே ஒரு மதிப்பீடு. நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது நாலு முறையில் போட்டு நாலு விடை எழுதுவோம், நாலுக்கும் மதிப்பெண் கொடுப்பார்கள். கேள்வியில் எந்த முறை கேட்டிருக்கிறதோ அதைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு.

பிப்ரவரி 3, இரவு 10.35 | பேரேடு

பிகாம்_98 சொல்வது பாதிதான் சரி. உயர் லாபத்தை 3 ஆண்டுக் கொள்முதலாக, அதாவது மூன்றால் பெருக்கிப் போட்டால் ஒரு விடை, மூலதனமாக்கினால் வேறு விடை. அது நியாயம். ஆனால் மூலதனமாக்குவதிலேயே இரண்டு வழி இருக்கிறது. சராசரி லாபத்தை மூலதனமாக்கி, உள்ளே போட்ட மூலதனத்தைக் கழிக்கலாம். உயர் லாபத்தை நேரடியாக மூலதனமாக்கலாம். இந்த இரண்டும் ஒரு ரூபாய்கூட விலகாமல் ஒன்றாக வந்தாக வேண்டும்.

காரணம் சின்னது. உயர் லாபம் என்பது சராசரி லாபத்தில் மூலதனத்தின் 12%-ஐக் கழித்தது. அந்த மொத்தத்தையும் 12% ஆல் வகுத்துப் பார். முதல் துண்டு 4,00,000 ஆகும். இரண்டாவது துண்டில் 12% ஆல் பெருக்கியதையே 12% ஆல் வகுக்கிறோம், அதனால் வெறும் மூலதனம் திரும்பி வந்துவிடும். முதல் வழியில் செய்ததும் இதே கழித்தல்தான்.

உன்னுடைய தப்பு முறையில் இல்லை. ஒரே கணக்கில் இரண்டு மூலதனம் வைத்திருக்கிறாய். உயர் லாப வழியில் 4,00,000, சராசரி லாப வழியில் 3,40,000. அந்த 60,000 வித்தியாசம்தான் இங்கே நற்பெயராக வந்து நிற்கிறது.

3,40,000 சரி. அதற்கு 12% என்றால் 40,800. உயர் லாபம் 7,200. 12% ஆல் வகுத்தால் 60,000. இப்போது ஒத்துப்போகிறதா?

பிப்ரவரி 4, காலை 6.20 | பேரேடு

நேற்று அவசரமாக முடித்துவிட்டேன். மூலதனப் பக்கத்திலிருந்து போனால் தப்பு என்று அவன் நினைத்துக்கொள்வானோ என்று இரவு தோன்றியது. அப்படி இல்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் போகலாம், ஆனால் 4,00,000-இல் நின்றுவிடக் கூடாது. கூட்டாளிகள் போட்ட 3,50,000, ஒதுக்கி வைத்த 50,000 எல்லாம் சேர்ந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? அதில் 40,000 அரசுப் பத்திரத்தில், 20,000 பழைய நற்பெயரில். இரண்டும் கடையில் உழைக்கவில்லை. கழித்தால் அதே 3,40,000.

பத்திரத்தைக் கழிப்பதும் 4,000 வட்டியைக் கழிப்பதும் ஜோடி. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் கணக்கு கோணிவிடும். சொத்திலிருந்து பத்திரத்தை எடுத்துவிட்டு லாபத்தில் வட்டியை விட்டுவைத்தால் 52,000 லாபத்துக்கு நற்பெயர் 93,333 வரும். கடை சம்பாதிக்காத வட்டிக்கு வாங்குகிறவன் நற்பெயர் விலை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டையுமே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். லாபம் 52,000, மூலதனம் 3,80,000. நற்பெயர் 53,333. 60,000-இலிருந்து 6,667 குறைகிறது. பத்திரம் 10% தான் கொடுக்கிறது, நாம் எதிர்பார்ப்பது 12%. அந்தக் குறைச்சல் கடையின் நற்பெயரைத் தின்கிறது. பத்திரத்தை ஏன் தனியே எடுக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துப் பல வருடம் கழித்து இப்படிப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதுவரை ‘வணிகம் சாராத முதலீட்டைக் கழி’ என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

பிப்ரவரி 4, மாலை 5.45 | பிளஸ்டூ_தமிழ்வழி

ஒத்துப்போகிறது சார். ஆனால் அடுத்த உட்பிரிவில் 3 ஆண்டுக் கொள்முதல் கேட்டிருக்கிறார்கள். 7,200 × 3 = 21,600. அதே 7,200, அங்கே 60,000. இதில் மூலதனத்தை மாற்றவில்லை. அப்படியென்றால் கடையின் உண்மையான நற்பெயர் எவ்வளவு?

பிப்ரவரி 4, இரவு 10.10 | பேரேடு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

7,200-ஐ 12% ஆல் வகுப்பதும் 8.33 ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். அதனால் மூலதனமாக்கலும் ஒருவகை ஆண்டுக் கொள்முதலே. எத்தனை ஆண்டு என்பதைக் கேள்வி சொல்வதில்லை, சாதாரண லாப விகிதம் சொல்கிறது. 10% என்றால் 10 ஆண்டு. 12.5% என்றால் 8. 20% என்றால் 5.

இப்போது இரண்டும் என்ன சொல்கின்றன என்று பார். 3 ஆண்டுக் கொள்முதல் எடுக்கிறவர், “இந்தக் கூடுதல் லாபம் இன்னும் மூன்று வருடம் வரும், அதற்குள் எதிரில் வேறு கடை வந்துவிடும்” என்கிறார். மூலதனமாக்குகிறவர் இந்த 7,200 ஒருநாளும் நிற்காமல் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்.

வருடா வருடம் வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கூட்டுகிற ஆண்டுத்தொகை முறையை நடுவில் வைத்தால் இது தெளிவாகும். 12%-இல் 3 வருடத்துக்குக் காரணி 2.4018, நற்பெயர் சுமார் 17,293. மூன்றாம் வருடம் வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு முழு விலை கொடுக்க முடியாது, அதனால்தான் 21,600-ஐவிடக் குறைவு. 5 வருடத்துக்குக் காரணி 3.6048. 10 வருடத்துக்கு 5.6502. 20 வருடத்துக்கு 7.4694. எத்தனை வருடம் கூட்டினாலும் 8.33-ஐத் தொடாது, நெருங்கிக்கொண்டே போகும். முடிவே இல்லாத ஆண்டுத்தொகைதான் மூலதனமாக்கல்.

உண்மையான நற்பெயர் எவ்வளவு என்று கேட்டால் என் பதில் இன்னொரு கேள்வி. அந்தக் கூடுதல் லாபம் எத்தனை நாளைக்கு வரும்?

பிப்ரவரி 5, காலை 11.30 | இரும்புக்கடை_திருச்சி

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான் ஓடுகிறது, அதனால் கேட்கிறேன். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் சம பங்கு. சித்தப்பா விலகுகிறார். சராசரி லாபம் 9 லட்சம், மூலதனம் 30 லட்சம். எங்கள் வியாபாரத்துக்கு 15% நியாயம் என்று ஆடிட்டர் சொன்னார். உயர் லாபம் 4.5 லட்சம், 2 ஆண்டுக் கொள்முதல் 9 லட்சம், சித்தப்பாவுக்கு 3 லட்சம் என்றார். சித்தப்பா மகன் சி.ஏ. இன்டர் படிக்கிறான். அவன் மூலதனமாக்கிக் காட்டி நற்பெயர் 30 லட்சம், தன் அப்பாவுக்கு 10 லட்சம் வர வேண்டும் என்கிறான். நீங்கள் 3 ஆண்டுதான் சரி என்கிறீர்களா, 8 ஆண்டா? இதை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம்.

பிப்ரவரி 5, பிற்பகல் 2.15 | பேரேடு

ஐயா, மூன்று என்பதும் 8.33 என்பதும் அந்தப் பையனின் கணக்கில் இருந்த எண்கள். உங்கள் கடைக்கு நான் சொன்னவை அல்ல. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். கடை யாருடைய கட்டடத்தில் இருக்கிறது, வாடகை கணக்கில் ஏறுகிறதா? கடையில் உட்காருகிறவர்கள் சம்பளம் எடுக்கிறார்களா? கூட்டாண்மைப் பத்திரத்தில் விலகுகிறவருக்கு நற்பெயரை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?

பிப்ரவரி 5, இரவு 8.40 | ஆர்ட்டிகிள்_மயிலாப்பூர்

மேலே எல்லாரும் ஆண்டு இறுதி மூலதனத்தை எடுத்திருக்கிறீர்கள். லாபம் வருடம் முழுவதும் சிறுகச் சிறுக வந்தது. மார்ச் 31-இல் இருக்கும் மூலதனத்தில் இந்த வருட லாபமும் சேர்ந்திருக்கிறது. அந்த லாபத்தைச் சம்பாதிக்க உதவியது சராசரி மூலதனம். அதனால் கடைசி வருட லாபத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். 78,000-இல் வட்டி போக 74,000, பாதி 37,000. மூலதனம் 3,03,000. நற்பெயர் 97,000. உயர் லாபம் 11,640 வழியாகப் போனாலும் அதே 97,000.

கூட்டாளி ஊதியம் 18,000-ஐயும் கழித்துவிட்டுப் பாதி எடுப்பதா என்பதில் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கட்சி இருக்கிறது.

பிப்ரவரி 5, இரவு 11.05 | பேரேடு

ஆர்ட்டிகிள் போட்டதைப் பார்த்ததும் நான் முதல் நாள் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இரண்டு வழியும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்கிற தொனியில் எழுதிவிட்டேன். அது தவறு. 3,40,000 வைத்தால் இரண்டு வழியிலும் 60,000. 3,03,000 வைத்தால் இரண்டிலும் 97,000. தம்பியின் 4,00,000-ஐயே இரண்டிலும் வைத்தால் இரண்டிலும் பூஜ்யம், அழகாக ஒத்துப்போகும், விடை மட்டும் தப்பு. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிழை உறுதி. ஒத்துப்போனால் ஒரே மூலதனத்தை இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறாய் என்று மட்டும்தான் பொருள். அது எந்த மூலதனம் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சராசரி மூலதனம் பற்றி: லாபத்தைக் கூட்டாளிகள் வெளியே எடுக்காமல் கடையிலேயே விட்டிருந்தால் ஆர்ட்டிகிள் சொல்வது பொருந்தும். மாதா மாதம் எடுத்துவிட்டார்கள் என்றால் இறுதி மூலதனம் அந்த லாபத்தால் வீங்கவே இல்லை, பாதியைக் கழிக்கக் காரணம் இல்லை. இந்தக் கேள்வியில் எடுப்புகள் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிளஸ் டூ தேர்வில் சராசரி மூலதனம் என்று கேட்காதவரை நிலைச் சொத்து, நடப்புச் சொத்து, அதில் நடப்புப் பொறுப்பு போக மிச்சம், அவ்வளவோடு நில். சி.ஏ. தேர்வு எழுதுகிறவர்கள் அங்கே கேள்வி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 6, காலை 6.05 | பேரேடு

இன்னொரு திருத்தம். பழைய நற்பெயர் 20,000-ஐக் கழிக்காமல் விடுகிற மாணவர்களுக்கு முழு மதிப்பெண்ணையும் வெட்டுகிற பழக்கம் எனக்கு இருந்தது. இன்று காலை போட்டுப் பார்த்தேன். மூலதனம் 3,60,000, மூலதனமாக்கினால் நற்பெயர் 40,000. சரியான 60,000-இலிருந்து மிகச் சரியாக 20,000 குறைவு. ஏட்டில் ஏற்கெனவே இருக்கும் நற்பெயருக்கு மேலே இன்னும் எவ்வளவு என்பதைத்தான் அவன் கண்டுபிடித்திருக்கிறான். விடை தப்பு, ஆனால் பொருளில்லாத எண் இல்லை.

ஆண்டுக் கொள்முதலில் இந்தச் சமாதானம் செல்லாது. அங்கே உயர் லாபம் 4,800 ஆகி மூன்று மடங்கு 14,400. சரியான 21,600-க்கும் இதற்கும் வித்தியாசம் 7,200. ஏட்டில் இருக்கும் 20,000-ஓடு பொருந்தவில்லை. ஆக அந்த முறையில் இந்தப் பிழை பிழைதான். இனி எத்தனை மதிப்பெண் குறைப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

பிப்ரவரி 6, மாலை 7.30 | பிகாம்_98

நான் முதலில் சொன்னதை முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். இத்தனை நுணுக்கமாகப் பத்திரம், வட்டி என்று பிரித்துவிட்டு, அந்த 12% யாரோ சொன்னதாக அப்படியே எடுத்துக்கொள்கிறீர்களே? அது 10 ஆக இருந்தால் என்ன, 15 ஆக இருந்தால் என்ன?

பிப்ரவரி 6, இரவு 9.55 | பேரேடு

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அதே 48,000, அதே 3,40,000. 10% என்றால் நற்பெயர் 1,40,000. 12% என்றால் 60,000. 15% என்றால் மொத்த மதிப்பே 3,20,000, போட்ட பணத்தைவிடக் குறைவு, நற்பெயர் இல்லை. ஆண்டுக் கொள்முதலிலும் அசைவு உண்டு. 10%-இல் 42,000, 12%-இல் 21,600. ஆனால் மூலதனமாக்கலில் விகிதம் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. விகிதம் குறைந்தால் உயர் லாபமும் கூடுகிறது, பெருக்குகிற ஆண்டும் கூடுகிறது. இரண்டு புள்ளி இறங்கினதும் அறுபதாயிரம் ஒன்று நாற்பது ஆனது அதனால்தான்.

தேர்வில் விகிதம் கொடுத்துவிடுவார்கள். கடைத்தெருவில் அதுதான் முழுச் சண்டையும்.

பிப்ரவரி 7, காலை 10.20 | இரும்புக்கடை_திருச்சி

சார் கேட்டவை: கட்டடம் அப்பா பெயரில் இருக்கிறது, வாடகை எழுதுவதில்லை. அந்தத் தெருவில் அந்த அளவு இடத்துக்கு மாதம் 15,000 ஓடுகிறது. அப்பாவும் பெரியப்பாவும் காலை முதல் இரவு வரை கடையில் இருக்கிறார்கள், சம்பளம் கிடையாது. சித்தப்பா ஐந்து வருடமாக வருவதில்லை. பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 7, பகல் 1.00 | பேரேடு

வாடகை வருடத்துக்கு 1,80,000. இரண்டு பேருக்கும் ஆள் வைத்தால் தலைக்கு மாதம் 15,000 என்று குறைத்தே வைத்தாலும் 3,60,000. ஒன்பது லட்சத்தில் இவை போக மிச்சம் 3,60,000. மூலதனத்துக்கு 15% என்பது 4,50,000. உயர் லாபமே இல்லை.

சித்தப்பா மகன் காட்டிய 30 லட்சமும் ஆடிட்டர் காட்டிய 9 லட்சமும் உங்கள் அப்பாவின் இலவசக் கட்டடத்தின் மேலும் இரண்டு அண்ணன்மாரின் கூலியில்லா உழைப்பின் மேலும் நிற்கின்றன. பையனின் கணக்கில் 18,000 என்று ஒரு வரியாக வந்த சங்கதிதான் இது. சித்தப்பாவுக்கு ஒன்றுமே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடையை உருவாக்கிய வருடங்களில் அவர் உழைத்திருக்கலாம். முறையைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் லாபம் எவ்வளவு என்பதில் மூவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பிப்ரவரி 8, இரவு 9.30 | இரும்புக்கடை_திருச்சி

பத்திரம் கிடைத்தது. தாத்தா காலத்து வக்கீல் எழுதியது. விலகும் பங்குதாரருக்கு, கடைசி மூன்று வருடச் சராசரி லாபத்தின் இரண்டு ஆண்டுக் கொள்முதலை நற்பெயராக வைத்து அவர் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. சராசரி லாபம்தான், உயர் லாபம் என்ற பேச்சே இல்லை. 18 லட்சம். சித்தப்பாவுக்கு 6 லட்சம். அப்பா வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 8, இரவு 10.15 | பேரேடு

மூவரும் கையெழுத்துப் போட்ட பத்திரம் இருக்கும்போது நானோ ஆடிட்டரோ சொல்கிற முறை பின்னால்தான் நிற்க வேண்டும். அந்த வரியில் ‘லாபம்’ என்பது வாடகை, சம்பளத்துக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் வக்கீலிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான். இத்தனை வருடம் மூவரும் எந்த லாபத்தைப் பிரித்துக்கொண்டார்களோ அதுதான் என்று அவர் சொல்லவும் வாய்ப்புண்டு. நான் கணக்கு வாத்தியார், அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பிப்ரவரி 9, மாலை 6.40 | பிளஸ்டூ_தமிழ்வழி

சார், அதே கணக்கை 15% வைத்துப் போட்டேன். உயர் லாபம் 3,000 குறைவு வருகிறது, மூலதனமாக்கினால் 20,000 குறைவு. விடையாக எதிர்மறை நற்பெயர் 20,000 என்று எழுதலாமா?

பிப்ரவரி 9, இரவு 9.20 | பேரேடு

எழுதாதே. உயர் லாபம் இல்லை, எனவே நற்பெயர் இல்லை என்று ஒரு வரி எழுது. ஆனால் அந்த 20,000 வரும் வரை உள்ள படிகளை அழிக்காமல் விடு. மதிப்பெண் அங்கே இருக்கிறது.

வருடங்கள் 62, 70, 78 என்று ஏறுமுகமாக இருக்கும்போது சாதாரணச் சராசரி போடலாமா என்று நீ இன்னும் கேட்கவில்லை. எடைகளை 1, 2, 3 என்று வைத்துப் போட்டுப் பார். 48,000 என்ற இடத்தில் வேறு எண் வரும். 12%-இல் அது எவ்வளவு நற்பெயர் என்று நாளைக்குப் போடு, பார்க்கிறேன்.